ஒரு காதில் மட்டும் கேட்கும் மொபைல் ரெக்கார்டிங்: காலர் மைக் வைத்து எடுத்த வீடியோவைச் சரிசெய்வது எப்படி

போன டிசம்பரில் என் சித்தி பையன் ஏற்காட்டுக்குப் போய் ஒரு காபி எஸ்டேட்டில் வீடியோ எடுத்தான். நாற்பது வருடமாக அங்கே பழம் பறிக்கிற ஒரு தாத்தா. எந்தப் பழத்தைப் பறிக்கணும், எதை விடணும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை எப்படி ஏற்றணும் என்று 38 நிமிடம் நிறுத்தாமல் பேசியிருக்கிறார். காலர் மைக் மாட்டி, ஒரே டேக்கில், பின்னாடி குருவிச் சத்தத்தோடு. எடுத்து முடித்ததும் மொபைல் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தான், அருமையாகக் கேட்டது. பஸ்ஸில் இறங்கும்போது ஹெட்செட் மாட்டிக் கேட்டால் இடது காதில் மட்டும் தாத்தா, வலது காதில் ஒன்றுமே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் ஹெட்செட் போய்விட்டது என்று முடிவுகட்டி, சேலத்தில் இறங்கியதும் ஐந்து ரோட்டில் புதுசு ஒன்று வாங்கிவிட்டான். அதிலும் இடது காதுதான்.

அப்புறம்தான் எனக்கு போன் வந்தது. "அண்ணா, வாங்கின ஹெட்செட்டும் போச்சுண்ணா."

இந்தக் கேஸை அப்படியே வைத்து, ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை இதே மாதிரி இல்லாவிட்டாலும் எங்கே பிரிகிறது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இல்லை என்றாலும் பரவாயில்லை, ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டர் வருகிற இடம் தவிர மற்றதை எல்லாம் ஆண்ட்ராய்டு மொபைலிலேயே முடிக்கலாம்.

முதலில், தப்பு எங்கே இருக்கிறது?

ஹெட்செட், மொபைல், ஃபைல் என்று மூன்று இடங்களில் ஒன்றில்தான் தப்பு இருக்க முடியும். எது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை அதே ஹெட்செட்டில் போடுங்கள். இரண்டு காதிலும் கேட்டால் ஹெட்செட்டும் மொபைலும் நல்லாத்தான் இருக்கின்றன, கோளாறு உங்கள் ஃபைலில். பாட்டும் ஒரு காதில்தான் கேட்கிறது என்றால், அதே பாட்டை வேறு ஹெட்செட்டில் கேளுங்கள். அதிலும் ஒரு காதுதான் என்றால் மொபைல் செட்டிங்கைப் பார்க்கணும்.

அந்த செட்டிங் பெரும்பாலான மொபைலில் `Accessibility` உள்ளே, காது கேட்பது சம்பந்தமான பகுதியில் இருக்கும். இடம் வலம் என்று ஒரு ஸ்லைடர், பக்கத்திலேயே `Mono audio` என்று ஒரு சுவிட்ச். ஸ்லைடர் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவுக்கு இழுத்தால் முடிந்தது, இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அந்த `Mono audio` சுவிட்ச் விஷயத்தில் கவனம். யாரோ சொல்லிக் கொடுத்து என் தம்பி அதை ஆன் செய்தான், உடனே இரண்டு காதிலும் தாத்தா பேசினார். சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக வீடியோவை எனக்கு அனுப்பினான். என் லேப்டாப்பில் திறந்தால் பழையபடி இடது பக்கம் மட்டும்தான். அந்த சுவிட்ச் உங்கள் மொபைல் சத்தத்தைப் பாடும் விதத்தை மட்டும்தான் மாற்றுகிறது, ஃபைலைத் தொடுவதே இல்லை. நீங்கள் நல்லா இருக்கிறது என்று நினைத்து அனுப்புவீர்கள், வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு காது செவிடு. அதனால் இந்த வேலை முடியும்வரை அது ஆஃபில் இருக்கட்டும்.

எஸ்டேட்டிலேயே இது ஏன் தெரியவில்லை என்றால், அவன் மொபைலுக்கு அடியில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். இடது வலது இரண்டையும் கலந்து அந்த ஒன்றிலேயே விட்டுவிடும். எது வந்தது எது வரவில்லை என்று அதில் கேட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது.

காலர் மைக்கில் இது ஏன் நடக்கிறது

சார்ஜிங் பெட்டிக்குள் இரண்டு குட்டி மைக், மொபைலின் யூஎஸ்பி சி ஓட்டையில் சொருகுகிற ஒரு ரிசீவர் என்று வருகிறதே, அந்த மாதிரி செட்தான் இப்போது எல்லோர் கையிலும். அந்த ரிசீவர்களில் பலவற்றுக்கு இரண்டு மோடு உண்டு. மோனோ மோடில் இரண்டு மைக்கின் சத்தத்தையும் கலந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கொடுக்கும். ஸ்டீரியோ மோடில் முதல் மைக்கை இடது பக்கமும் இரண்டாவது மைக்கை வலது பக்கமும் தனித்தனியாக அனுப்பும். இரண்டு பேர் பேசும் பேட்டிக்கு இது ரொம்ப நல்லது, அப்புறம் தனித்தனியாக சத்தம் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஸ்டீரியோ மோடில் வைத்துவிட்டு ஒரே ஒரு மைக்கை மட்டும் மாட்டினால் வலது பக்கம் காலியாகத்தான் பதிவாகும். சில ரிசீவர்களில் உள்ள சின்ன பட்டனில் விரல் பட்டாலே மோடு மாறிவிடும், பையிலிருந்து எடுக்கும்போதே பட்டிருக்கலாம், நமக்குத் தெரியாது.

பழைய 3.5 மில்லிமீட்டர் ஓட்டையில் சொருகுகிற ஒயர் மைக்கில் இந்தக் கோளாறு அபூர்வம். மொபைலில் அந்த ஓட்டை மைக்குக்கு ஒரே ஒரு இணைப்பைத்தான் தருகிறது, அதனால் மொபைல் ஒரே சத்தத்தை இரண்டு பக்கமும் எழுதிவிடும். அதே ஒயர் மைக்கைத் தனி ரெக்கார்டரிலோ கேமராவிலோ சொருகினால் கதை வேறு, அங்கே இடது வலது என்று இரண்டு இணைப்பு எதிர்பார்ப்பார்கள், ஒன்று மட்டும் வந்தால் இடது பக்கம் மட்டும் நிற்கும்.

வலது பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காதில் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

இதற்கு `ffmpeg` என்கிற இலவச மென்பொருள் வேண்டும். பொத்தான் ஜன்னல் எதுவும் இருக்காது, கட்டளையை டைப் செய்யணும், பயப்பட ஒன்றுமில்லை, மொத்தமே நாலைந்து வரிதான். விண்டோஸில் டெர்மினலைத் திறந்து இதை அடித்தால் வந்துவிடும், முடிந்ததும் டெர்மினலை மூடித் திரும்பத் திறந்து, `cd` போட்டு வீடியோ இருக்கிற ஃபோல்டருக்குப் போய்விடுங்கள்:

```
winget install Gyan.FFmpeg
```

ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்கிற ஆப்பை எஃப் டிராய்டு என்கிற இலவச ஆப் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். திறந்ததும் இந்த மூன்று வரி. நடுவில் ஃபைல்களைப் பார்க்க அனுமதி கேட்கும், கொடுங்கள்:

```
pkg install ffmpeg
termux-setup-storage
cd ~/storage/dcim/Camera
```

கேமரா வீடியோக்கள் இருக்கிற ஃபோல்டருக்கு வந்துவிட்டீர்கள். வீடியோவின் பெயரை `estate.mp4` மாதிரி சின்னதாக மாற்றிக்கொண்டால் டைப் செய்ய சுலபம். இப்போது இடது பக்கத்தை மட்டும் அளக்கலாம்:

```
ffmpeg -i estate.mp4 -vn -af "pan=mono|c0=c0,volumedetect" -f null -
```

வலது பக்கத்துக்கு அதே வரிதான், ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. `c0=c0` என்பது `c0=c1` ஆகிறது. `c0` என்றால் இடது, `c1` என்றால் வலது:

```
ffmpeg -i estate.mp4 -vn -af "pan=mono|c0=c1,volumedetect" -f null -
```

அந்த மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லையென்றால் நடுவில் உள்ள நெட்டைக் கோட்டை டெர்மினல் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு ஏதேதோ தப்பு என்று கத்தும்.

கடைசியில் `mean_volume`, `max_volume` என்று இரண்டு எண் வரும். முதலாவது சராசரி சத்தம், இரண்டாவது இருப்பதிலேயே அதிகமான சத்தம். பூஜ்யம்தான் உச்சம், அதிலிருந்து கீழே எவ்வளவு என்பதால் எல்லாம் மைனஸில் இருக்கும். சுத்தமாகக் காலியான பக்கத்துக்கு இரண்டுமே `-91.0 dB` என்று வரும், அல்லது அதற்குப் பக்கத்தில். அப்படி வந்தால் அந்தப் பக்கத்துக்கு மைக்கே இணையவில்லை என்று அர்த்தம். உயிரோடு இருக்கிற எந்த மைக்கும், அடைபட்டுப் போன மைக் கூட, கொஞ்சம் இரைச்சலையாவது கொடுக்கும், இவ்வளவு கீழே போகாது. அதனால் -91 என்று பார்த்தால் "மைக் ரிப்பேர்" என்று கடைக்கு ஓட வேண்டாம்.

நம்ம எஸ்டேட் வீடியோவில் இடது பக்கம் சராசரி -24.3, உச்சம் -5.1 என்று வந்தது. பேச்சுக்கு இது நல்ல அளவு. வலது பக்கம் -91 வரும் என்று காத்திருந்தேன். வந்தது சராசரி -38.3, உச்சம் -9.0.

அதாவது வலது பக்கத்தில் எங்கோ நன்றாகவே சத்தம் இருக்கிறது, ஆனால் மொத்த நேரத்துக்கும் இல்லை. தம்பியிடம் கேட்டால் "இல்லண்ணா, ஒரு மைக்தான்" என்றான். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் அளந்தேன், கட்டளையில் `-i`க்கு முன்னால் `-t 60` என்று சேர்த்தால் போதும். அங்கே -91.0. சரி என்று சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டியில் திறந்தேன்:

```
ffmpeg -i estate.mp4 -vn estate.wav
```

படமாகப் பார்த்தால் உடனே புரிந்துவிட்டது. மேலே தாத்தாவின் பேச்சு மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. கீழே 31 நிமிடம் வரைக்கும் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு, அதற்கப்புறம் அலை. நடந்தது என்னவென்றால், பேச்சு முடியப்போகிற நேரத்தில் சில கேள்விகள் கேட்கலாம் என்று இவன் இரண்டாவது மைக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருக்கிறான். இந்த மாதிரி மைக்குகளில் பல பெட்டியிலிருந்து எடுத்ததுமே தானாக ஆன் ஆகி ரிசீவரோடு சேர்ந்துகொள்ளும். ஆக, கடைசி 7 நிமிடம் வலது பக்கத்தில் இவனுடைய கேள்விகள். இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் கேள்விகள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருந்திருக்கும்.

வலது பக்கம் முழுக்கக் காலி என்றால்

பெரும்பாலானவர்களுக்கு இந்த நிலைமைதான், வேலையும் ஒரே வரிதான். இடது பக்கத்தை அப்படியே வலது பக்கத்துக்கும் பிரதி எடுக்கிறோம்:

```
ffmpeg -i estate.mp4 -c:v copy -af "pan=stereo|c0=c0|c1=c0" -c:a aac -b:a 192k estate-sari.mp4
```

`-c:v copy` என்பதால் படத்தை அது தொடவே தொடாது, அப்படியே தூக்கி வைத்துவிடும். படத்தின் தரம் ஒரு புள்ளிகூடக் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். சத்தம் மட்டும்தான் புதிதாக எழுதப்படுகிறது. வெளியே வருகிற ஃபைலுக்கு வேறு பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள், பழையதை அழிக்க அவசரப்படாதீர்கள். ஒரே நாளில் எடுத்த பத்து வீடியோவும் இப்படியே இருந்தால், டெர்மக்ஸில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம்:

```
mkdir sari
for f in *.mp4; do
  ffmpeg -i "$f" -c:v copy -af "pan=stereo|c0=c0|c1=c0" -c:a aac -b:a 192k "sari/$f"
done
```

ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் அந்த ஃபோல்டரில் சம்பந்தமில்லாத வீடியோக்கள் இருந்தால் நகர்த்திவிடுங்கள். கேமரா ஃபோல்டரில் இதை அப்படியே அடித்தால் போன வருடக் கல்யாண வீடியோ உட்பட எல்லாமே வலது பக்கத்தை இழந்த பிரதியாக வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இங்கே என் தம்பி செய்த இன்னொரு வேலையையும் சொல்லணும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். எனக்கு போன் செய்வதற்கு முன்னாலேயே ஏதோ ஒரு கன்வர்ட்டரில் போட்டு "மோனோ" என்று மாற்றியிருக்கிறான். இரண்டு காதிலும் கேட்டது, ஆனால் சத்தம் குறைந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. காரணம் சாதாரணக் கணக்கு. மோனோ ஆக்குவது என்றால் பொதுவாக இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுப்பது. வலது பக்கம் பூஜ்யம் என்றால் இடது பக்கத்தில் இருந்ததில் பாதிதான் மிஞ்சும், டெசிபெல் கணக்கில் 6 குறையும். -24.3 இருந்தால் -30.3 ஆகிவிடும். `ffmpeg`இல் `-ac 1` என்று போட்டாலும் இதேதான் நடக்கும். இன்னொன்று, வலது பக்கத்து மைக் ஆன் ஆகிப் பைக்குள் உரசிக்கொண்டிருந்தால் அந்தக் கரகரப்பையும் சேர்த்துக் கலந்துவிடும். மோனோ ஆக்குவது வேறு, இடதை வலதுக்குப் பிரதி எடுப்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்தால்

இப்போது எஸ்டேட் வீடியோவுக்கு வருவோம். இங்கே பிரதி எடுத்தால் கேள்விகள் போகும், பாதியாக்கிக் கலந்தால் தாத்தாவின் சத்தம் குறையும். வகுக்காமல் வெறுமனே கூட்டினால் என்ன? முதல் 31 நிமிடம் வலது பக்கம் பூஜ்யம், பூஜ்யத்தைக் கூட்டினால் ஒன்றும் மாறாது, தாத்தா முழுச் சத்தத்தில் இருப்பார். அப்புறம் கேள்விகளும் வந்து சேரும். ஒரே சந்தேகம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உச்சத்தில் பேசினால் மொத்தம் எல்லையைத் தாண்டிச் சத்தம் உடையுமா என்பது. அதற்கும் கணக்கு போட்டுப் பார்த்தேன். முழு அளவை 1 என்று வைத்துக்கொண்டு, உச்ச எண்ணை 20ஆல் வகுத்து அதை 10இன் அடுக்காகப் போட்டால், -5.1 என்பது சுமார் 0.56, -9.0 என்பது சுமார் 0.35. கூட்டினால் 0.91. ஒன்றைத் தாண்டவில்லை, அதனால் உடையாது.

```
ffmpeg -i estate.mp4 -c:v copy -af "pan=stereo|c0=c0+c1|c1=c0+c1" -c:a aac -b:a 192k estate-sari.mp4
```

உங்கள் எண்களை இப்படி மாற்றிக் கூட்டினால் ஒன்றைத் தாண்டி 1.4 வரை வருகிறது என்றால் `0.7*c0+0.7*c1` என்று எழுதுங்கள், கொஞ்சம் குறைந்தாலும் பாதி ஆகாது, அதற்கும் மேலே போனால் 0.7க்குப் பதில் 0.5 போடுங்கள்.

ஓட்டிக் கேட்டேன். 31 நிமிடம் பிரமாதம். அதற்கப்புறம் தாத்தா பேசும்போது குரல் லேசாகக் குடத்துக்குள் பேசுவது போல மாறியது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தாத்தாவின் குரலை இரண்டு மைக்கும் வாங்கியிருக்கின்றன. சத்தம் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். அந்தச் சின்னத் தாமதத்தோடு ஒரே குரல் இரண்டு முறை கலந்தால் சில சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், மிச்சம் இருப்பது அந்தக் குடச் சத்தம். மைக்குகள் தள்ளி இருந்தாலோ, ஒன்றில் குரல் ரொம்பச் சன்னமாக இருந்தாலோ இது காதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், வேலை முடிந்தது.

எனக்குத் தெரிந்தது, அதனால் ஆடாசிட்டியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். முன்னால் பிரித்து வைத்த `estate.wav` ஃபைலைத் திறந்து, டிராக்கின் பெயரைக் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் `Split Stereo to Mono` என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடதும் வலதும் மேலும் கீழுமாகத் தனித்தனி டிராக் ஆகிவிடும். பக்கத்திலேயே `Split Stereo Track` என்று இன்னொன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதுவும் பிரிக்கும், ஆனால் ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலுமே விட்டுவைக்கும், நீங்கள் இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் பழைய ஒற்றைக் காது கதைக்கே திரும்பிவிடுவீர்கள்.

இவன் கேட்டது நாலே கேள்வி. கீழ் டிராக்கில் அந்த நாலு கேள்விகளையும் விட்டுவிட்டு, நடுவில் தாத்தா பதில் சொல்கிற இடங்களைத் தேர்வு செய்து கன்ட்ரோல் எல் அடித்து மௌனமாக்கினேன். டிலீட் அடிக்கவே கூடாது. டிலீட் அடித்தால் அந்தத் துண்டு வெட்டப்பட்டு அதற்கப்புறம் உள்ள எல்லாம் முன்னால் நகர்ந்துவிடும், கடைசிக் கேள்வியை இவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவான். மௌனமாக்கினால் நீளம் மாறாது. பிறகு `estate-mix.wav` என்று எக்ஸ்போர்ட் செய்து, வீடியோவின் பழைய சத்தத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன்:

```
ffmpeg -i estate.mp4 -i estate-mix.wav -map 0:v:0 -map 1:a:0 -c:v copy -af "pan=stereo|c0=c0|c1=c0" -c:a aac -b:a 192k estate-mudivu.mp4
```

உதடும் சத்தமும் பொருந்துகிறதா என்று ஆரம்பத்தில் ஓர் இடம், கடைசி நிமிடத்தில் ஓர் இடம், இரண்டையும் பாருங்கள். ஆரம்பம் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் நடுவில் தவறி எங்காவது டிலீட் அடித்திருந்தது தெரியாமலே போய்விடும். எடிட்டிங் மென்பொருள் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் கட்டளை தேடத் தேவையில்லை. பிரீமியர் ப்ரோவில் `Fill Right with Left` என்று ஒரு எஃபெக்டே உண்டு, டாவின்சி ரிசால்வில் கிளிப்பின் `Clip Attributes` உள்ளே ஆடியோவை மோனோ என்று மாற்றி முதல் சேனலைக் காட்டிவிட்டால் போதும்.

வலது பக்கம் அதே குரல், ஆனால் சன்னமாக

வலது பக்கத்தின் இரண்டு எண்களும் இடது பக்கத்தைவிடச் சரியாக ஒரே அளவு குறைவாக, உதாரணமாக 20 டெசிபெல் குறைவாக இருந்தால் அது கோளாறே இல்லை. சில மைக் செட்டுகளில் பாதுகாப்புக்காக அதே சத்தத்தை வலது பக்கத்தில் குறைத்துப் பதிவுசெய்கிற வசதி இருக்கிறது. யாராவது திடீரென்று கத்திச் சிரித்து இடது பக்கம் உடைந்துவிட்டால் வலது பக்கத்தில் முழுசாக இருக்கும். சாதாரணமாக இடதைப் பிரதி எடுத்தால் போதும். உடைந்த இடத்துக்கு மட்டும் வலதை எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் 20 டெசிபெல்லும் கூட்டிப் பழைய அளவுக்கே கொண்டுவந்தால் அதே இடத்தில் அதே மாதிரி மறுபடியும் உடையும். 20 குறைவு என்றால் 12, 14 டெசிபெல்லோடு நிறுத்துங்கள்.

மைக்கே மாட்டவில்லை, மொபைலில் அப்படியே எடுத்தது என்றால்

இப்போதைய மொபைல்களில் அடியில் ஒன்று, தலையில் ஒன்று என்று மைக்குகள் இருக்கும், வீடியோ எடுக்கும்போது அவற்றை வைத்துத்தான் இடம் வலம் உருவாகிறது. அளந்து பார்த்தால் சன்னமான பக்கம் -91 இல்லாமல் -50, -60 என்று வந்து, கேட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தால் ஒரு ஓட்டை அடைபட்டிருக்கிறது. முதலில் கவரைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோ எடுங்கள், ஒவ்வோர் ஓட்டைக்குப் பக்கத்திலும் விரலை லேசாகத் தேய்த்து எந்தப் பக்கம் கேட்கிறது என்று பாருங்கள். கவரில்லாமல் சரியாகிவிட்டால் கவரின் ஓட்டைதான் இடம் மாறியிருக்கிறது. இல்லையென்றால் மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம். ஊசி, சேஃப்டி பின் எல்லாம் விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே மெல்லிய வலை இருக்கிறது, கிழிந்தால் அப்புறம் மைக்கையே மாற்றணும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நனைந்திருந்தால் ஒரு நாள் காயவிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்படி எடுத்த வீடியோவுக்கும் இடதைப் பிரதி எடுக்கிற அதே வரிதான், அடைபட்டது இடது பக்கம் என்றால் மட்டும் `c0=c1|c1=c1` என்று மாற்றிப் போடணும்.

சரியானதா என்று பார்ப்பதும், அனுப்புவதும்

முடிந்த ஃபைலில் முன்னால் ஓட்டிய அந்த இரண்டு அளவுக் கட்டளைகளையும் மறுபடி ஓட்டுங்கள். இடதும் வலதும் ஒரே எண் வரணும். எனக்கு இரண்டு பக்கமும் சராசரி -24.2, உச்சம் -5.1 என்று வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தை அழுத்திச் சின்னதாக்கிவிடும், நாம் `-c:v copy` போட்டுக் காப்பாற்றியதெல்லாம் வீண்.

அடுத்த தடவை எடுக்கும்போது ஒரே ஒரு மைக் என்றால் ரிசீவரில் மோனோ மோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வினாடி சோதனை வீடியோ எடுத்து, மைக்கை நகத்தால் இரண்டு தட்டு தட்டி, ஸ்பீக்கரில் இல்லாமல் ஹெட்செட்டில் கேளுங்கள். தட்டுவது எதற்கென்றால், சில கேமரா ஆப்கள் மைக் சொருகியிருந்தாலும் மொபைலின் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்துவிடும். மைக்கைத் தட்டினால் டொக் டொக் என்று காதுக்குள்ளேயே விழணும், தூரத்தில் கேட்டால் அந்த ஆப் மைக்கை எடுத்துக்கொள்ளவில்லை. டொக் டொக் இரண்டு காதிலும் விழணும். சோதனைக்கு மட்டும் ப்ளூடூத் இல்லாத சாதா ஒயர் ஹெட்செட் ஒன்று பையில் இருக்கட்டும், ஒரே ஓட்டை உள்ள மொபைல் என்றால் ரிசீவரைக் கழற்றிவிட்டுத்தான் அதைச் சொருக முடியும், கேட்டு முடித்ததும் ரிசீவரைத் திரும்பச் சொருகி மோடு அப்படியே இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியிடம் இப்போது நல்ல ஹெட்செட் இரண்டு இருக்கிறது, ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.